மார்ஜினும் ஏரியாவும் ஒரே பேரம்: குமரி மாவட்டத்து மசாலாப் பொடியின் கணக்கு

"தங்கச்சி, பன்னிரெண்டு பர்சன்ட் வேணும். மாவட்டம் முழுக்க ஏரியா எனக்கு. முப்பது நாள் கடன். ரிட்டர்ன் வந்தா உங்க கணக்கு."

நாகர்கோவிலில் ஏஜென்சி நடத்தும் ஒருவர் என் கொழுந்தியாளிடம் இந்த நாலையும் ஒரே மூச்சில் கேட்டார். அவள் தக்கலைக்குப் பக்கத்தில் மீன்குழம்புப் பொடி செய்கிறாள். ஒரு தடவைக்கு 30 கிலோ வறுத்து அரைப்பாள், மாதம் ஐந்து தடவை. 100 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் மாதம் 1,500 பாக்கெட். அதில் 600 பாக்கெட்டை அவளும் கணவரும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்த் தக்கலை, திங்கள்சந்தை சுற்றுவட்டாரத்தில் 40 பலசரக்குக் கடைகளில் கொடுத்துவிடுகிறார்கள். மீதி 900 பாக்கெட்டுக்குத்தான் ஏஜென்சி தேவைப்பட்டது. அன்று அவள் பதில் சொல்லாமல் எழுந்து வந்து, "அத்தான், பன்னிரெண்டு கொடுக்கலாமா, பத்துல நிக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் பல வருடம் ஒரு ஏஜென்சி குடோனில் கணக்கு எழுதியவன். பத்தா, பன்னிரண்டா என்பதைவிட முக்கியமான இரண்டு கேள்விகள் அந்த நாலு வரிக்குள் இருந்தன. பன்னிரண்டு என்றால் எதன் மேல் பன்னிரண்டு? மாவட்டம் முழுக்க என்றால் எத்தனை கடை? இரண்டும் தனித்தனிக் கேள்வி மாதிரித் தெரியும். கணக்குப் போட்டால் ஒன்றில் கை வைத்தால் மற்றது அசையும். மார்ஜினை முதலில் பேசி முடித்துவிட்டு, 'ஏரியாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவதுதான் சின்ன உற்பத்தியாளர்கள் இங்கே அடிக்கடி செய்யும் தவறு.

எதன் மேல் பன்னிரண்டு?

அவள் பாக்கெட்டின் எம்.ஆர்.பி. 60 ரூபாய். வரி இதற்குள்ளேயே அடக்கம். மசாலாப் பொடிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கடைக்காரருக்கு அவள் 48 ரூபாய்க்குக் கொடுக்கிறாள். அவருக்கு ஒரு பாக்கெட்டில் 12 ரூபாய் நிற்கும். இந்த 48-ஐ மாற்ற முடியாது. ஏற்கெனவே 40 கடையில் பழகிவிட்ட விலை. ஏஜென்சிக்காரரும் இதே விலைக்குத்தான் கடைக்குக் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் அவருக்கு எந்த விலையில் பில் போடுவது என்பதுதான் பேச்சு.

எம்.ஆர்.பி. மேல் 12 சதவீதம் என்றால் 7 ரூபாய் 20 காசு. பில் 40.80-க்குப் போகும், வரி நீக்கினால் அவள் கைக்கு 38.86. அவர் கடைக்குக் கொடுக்கும் 48-ன் மேல் 12 என்றால் பில் 42.24, கைக்கு 40.23. அவர் வாங்கும் விலையின் மேல் 12 ஏற்றுவது என்றால் 48-ஐ 1.12-ஆல் வகுக்க வேண்டும், பில் 42.86, கைக்கு 40.82. பன்னிரண்டு என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கைகுலுக்கலாம். ஆனால் முதல் கணக்குக்கும் கடைசிக் கணக்குக்கும் இடையே பாக்கெட்டுக்கு 1.96 ரூபாய் வித்தியாசம் கிடக்கிறது. 1,500 பாக்கெட்டுக்கு மாதம் 2,940 ரூபாய். முதல் பில் வரும் நாளில்தான் இது தெரியவரும். அதற்குள் சரக்கு அவர் குடோனில் இறங்கியிருக்கும்.

அதனால் நான் அவளிடம் சொன்னது, சதவீதத்தைப் பேசவே வேண்டாம், ரூபாயைப் பேசு என்பதுதான். 42 ரூபாய்க்குக் கொடுத்தால் அவருக்கு 6 ரூபாய் கிடைக்கும். அந்த ஆறு ரூபாய், எம்.ஆர்.பி. கணக்கில் 10 சதவீதம், கடை விலைக் கணக்கில் 12.5, வாங்கும் விலைக் கணக்கில் 14.3. அவர் எந்தக் கணக்கைப் பழகியவரோ அந்த எண்ணில் தன் மனத்துக்குள் மாற்றிக்கொள்வார். பேப்பரில் மட்டும் மூன்று விலை எழுதியிருக்க வேண்டும்: ஏஜென்சி விலை 42, கடை விலை 48, எம்.ஆர்.பி. 60, எல்லாம் வரி உட்பட.

வரிப் பக்கம் ஒரு விஷயத்தையும் பார்த்துவிட வேண்டும். அந்த 6 ரூபாய் முழுதும் அவருக்குப் போகாது. 42-க்குள் இருக்கும் 2 ரூபாய் வரியை அவர் வரவு வைத்துக்கொள்வார், 48-க்குள் இருக்கும் 2.29-ஐக் கட்டுவார். ஆக 29 காசு வரிக்குப் போய், அவருக்கு நிற்பது 5.71. உற்பத்தியாளருக்கு ஜி.எஸ்.டி. பதிவே இல்லை என்றால் வரவு வைக்க ஒன்றும் இருக்காது, 2.29 முழுவதும் அவர் பங்கிலிருந்து போகும், ஆறு ரூபாய் 3.71 ஆகிவிடும். சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். என் கொழுந்தியாளின் விற்பனை அந்த அளவை நெருங்கவே இல்லை. இருந்தும் பதிவு எடுத்தாள். இல்லாவிட்டால் இந்த வரியை ஈடுகட்ட அவர் விலையை இன்னும் இறக்கச் சொல்லுவார், அவர் கேட்பதும் நியாயமாகவே இருக்கும்.

அவள் பக்கத்துக் கணக்கு சுருக்கமானது. மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து, வறுக்கும்போது குறையும் எடையையும் போட்டு, பாக்கெட்டுக்கு 21 ரூபாய். வறுப்பு, அரைப்பு 3, பையும் லேபிளும் 3, கூலி 3, அட்டைப்பெட்டி வண்டி வாடகை 1. அடக்கம் 31. கைக்கு 40 வந்தால் 9 நிற்கும். வாடகை, கரண்ட், அவளுடைய உழைப்புக்கான காசு எல்லாம் இந்த ஒன்பதில்தான். இதிலிருந்து இன்னொரு ரூபாயை எடுத்துக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலேயே தெரியும். அதே ஒரு ரூபாய் ஏஜென்சிக்காரருக்கு அவ்வளவு பெரிய உதவியும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கடை வாசலில் நடக்கும் கணக்கு

ஏஜென்சிக்காரர் ஒரு பொருளைப் பார்க்கும்போது முதலில் ஓடும் கேள்வி, 'என் வண்டி ஒரு கடை வாசலில் நின்றால் இதில் எனக்கு என்ன கிடைக்கும்?' என்பதுதான். லைன் வண்டி ஒரு நாள் ஓட டிரைவர், சேல்ஸ்மேன், டீசல் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 30 கடை. ஒரு கடை வாசலில் நிற்க 83 ரூபாய் செலவு. வண்டியில் பத்துப் பொருள் இருந்தால் இந்தப் பொடியின் பங்குக்கு 8 ரூபாய் 30 காசு.

ஒரு தடவை நின்று கடைக்கு இரண்டு பாக்கெட் கொடுத்தால் அவருக்கு 11.42 ரூபாய் வரும். வண்டிச் செலவு போக 3 ரூபாய்தான் மிச்சம். இந்த நிலையில் யாராக இருந்தாலும் மார்ஜினைக் கூட்டித்தான் கேட்பார்கள். சரி, ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தோம் என்றே வைப்போம். இரண்டு பாக்கெட்டுக்கு அவருக்கு இரண்டு ரூபாய்கூட முழுசாக ஏறாது. மாறாக, அதே ஆறு ரூபாயில் ஒரு நிறுத்தத்தில் நான்கு பாக்கெட் போனால் அவருக்கு வருவது 22.84, வண்டிச் செலவு போக 14 ரூபாய்க்கு மேல் நிற்கும். அவர் நிஜமாகவே தேடுவது இந்த மிச்சத்தைத்தான். அதைக் கேட்கத் தெரிந்த சொல் மார்ஜின் என்பதால் மார்ஜின் என்று கேட்கிறார்.

இப்போது ஏரியாவுக்கு வருவோம். மாவட்டம் முழுக்க என்றால் வாரத்துக்கு ஆறு லைன், 180 கடை. மாதம் நாலு தடவை போனால் 720 நிறுத்தம். அவள் கையில் இருப்பது மொத்தமே 1,500 பாக்கெட், தன் 40 கடையையும் விட்டுக்கொடுத்தால். நிறுத்தத்துக்கு இரண்டு பாக்கெட்தான் விழும். அவருக்கு மொத்தம் சுமார் 8,560 ரூபாய் வந்து, வண்டிப் பங்கு 5,980 போக, கையில் 2,600 நிற்கும். கிழக்குப் பக்கத்தில் 75 கடை மட்டும் எடுத்து, பத்து நாளைக்கு ஒரு தடவை போனால் 225 நிறுத்தம், 900 பாக்கெட், நிறுத்தத்துக்கு நாலு. மொத்த வரவு 5,140, வண்டிப் பங்கு 1,870, நிற்பது 3,270. அறுநூறு பாக்கெட் குறைவாக விற்று, ஏறக்குறைய 680 ரூபாய் கூடுதலாக எடுக்கிறார்.

முடங்கும் பணமும் குறையும். மாவட்டம் முழுக்க என்றால் பதினைந்து நாள் சரக்கு குடோனில் வைத்து, கடைகளில் பத்து நாள் கடன் விட்டால் 55,500 ரூபாய் வெளியில் நிற்கும். 75 கடைக்குப் பத்து நாள் சரக்கு போதும். அவளுடைய ஒரு வறுப்பு 30 கிலோ, அதாவது 300 பாக்கெட். அது சரியாகப் பத்து நாள் விற்பனை. ஒவ்வொரு தடவையும் புதிதாக அரைத்ததை இறக்கலாம். கடைக் கடனையும் சேர்த்து அவருடைய பணம் 27,000 ரூபாய்தான் முடங்கும். நாகர்கோவில் வியாபாரிகள் எதையும் வட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள். "இந்தக் காசை ரெண்டு வட்டிக்கு விட்டாலே சும்மா வருமே" என்று அவர் சொன்னதும் அதனால்தான். 27,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி 540 ரூபாய். 3,270-ஐ அதன் பக்கத்தில் எழுதிக் காட்டினாள். மார்ஜின் பேச்சு ஆறு ரூபாயிலேயே நின்றது.

சின்ன அளவில் செய்வதைப் பலவீனமாக நினைத்துத்தான் பலரும் பேச உட்காருகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, புதிதாகக் கொடுக்க முடிகிறது என்பது ஏஜென்சிக்காரரின் பணத்தை விடுவிக்கிறது. பெரிய கம்பெனி இதைச் செய்யாது. ஒரு மாதச் சரக்கை ஒன்றாகத்தான் இறக்கும்.

ஏரியா என்றால் எந்தக் கடை

குமரி மாவட்டத்தை வரைபடத்தில் பார்த்தால் சின்னது. ஆனால் வியாபாரத்துக்கு அது ஒரே ஏரியா இல்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி, அஞ்சுகிராமம், ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி என்று போகும் கடைகள் நாகர்கோவிலைப் பார்த்து இருப்பவை. மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், அருமனை பக்கம் மார்த்தாண்டத்தைப் பார்த்து இருப்பவை. நாக்கும் வேறு. மேற்கே போகப்போகக் குடம்புளி போட்ட மீன்குழம்பும் கேரளத்து மசாலா பாக்கெட்டுகளும் கூடும். நாகர்கோவில் ஏஜென்சியின் வண்டி அருமனைக்கு வாரம் ஒரு தடவை போவதாகச் சொல்லும். மழையும் கல்யாண சீசனும் வந்தால் முதலில் விடுபடும் லைனும் அதுதான்.

அதனால்தான் 'மாவட்டம் முழுக்க' என்று எழுதிக் கொடுப்பது ஆபத்து. நான் கணக்கு எழுதிய குடோனிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஊறுகாய்க்காரர் மாவட்டம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் வண்டி அவர் சரக்கோடு தக்கலையைத் தாண்டவே இல்லை. மார்த்தாண்டத்தில் இன்னொருவர் அந்த ஊறுகாயை எடுக்க முன்வந்தபோது, கடிதத்தைக் காட்டி எங்கள் முதலாளி தடுத்துவிட்டார். ஒன்றரை வருடம் மேற்கே ஒரு பாட்டில் போகவில்லை. எங்கள் பக்கம் சட்டப்படி தப்பு எதுவும் இல்லை. கணக்கு எழுதிய எனக்குத்தான் அது உறுத்தலாக இருந்தது.

என் கொழுந்தியாளின் கடிதத்தில் ஏரியா இப்படி எழுதப்பட்டது. வில்லுக்குறிக்குக் கிழக்கே, நாகர்கோவில் மாநகராட்சி, சுசீந்திரம், கன்னியாகுமரி, அஞ்சுகிராமம், பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி லைன்கள். இணைப்பாக 75 கடைகளின் பெயர். முதல் 90 நாளுக்கு இந்த ஏரியாவில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. 90 நாள் முடியும்போது எந்த லைனில் கடைகளுக்குக் குறைந்தது இரண்டு தடவை பில் போட்டிருக்கிறாரோ அந்த லைன் மட்டும் அவருக்குத் தனி உரிமையாகத் தொடரும். போடாத லைன் திறந்துவிடும். இதை அவர் எதிர்ப்பார் என்று நினைத்தோம். எதிர்க்கவில்லை. ஏற்கெனவே அவர் வண்டி ஓடும் கடைகளைத்தான் நாங்கள் எழுதியிருந்தோம். கடைப் பட்டியல் இல்லாமல் வெறும் ஊர்ப் பெயர்களாக எழுதியிருந்தால் மூன்று மாதம் கழித்து அது வெறும் வாய்ச்சண்டையாகத்தான் முடிந்திருக்கும்.

ஏரியாவுக்குள் இருந்தும் அவருக்குச் சேராதவை எவை என்பதையும் எழுத வேண்டும். போனில் ஆர்டர் எடுத்து அவள் நேரே அனுப்பும் பார்சல், வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெட்டிக்கு வாங்கும் மொத்தப் பாக்கெட், கண்காட்சி ஸ்டால் எல்லாம் அவளுடையவை. இங்கே வளைகுடாப் பெட்டி சின்ன விற்பனை இல்லை. ஒருவர் ஊரிலிருந்து திரும்பும்போது இருபது பாக்கெட் எடுப்பார். சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி இரண்டு நாள் பேச்சு நடந்தது. அவர்கள் கூடுதல் மார்ஜினும் நீண்ட கடனும் கேட்பார்கள், அதை ஆறு ரூபாய்க்குள் ஏஜென்சிக்காரர் தாங்க முடியாது. கடைசியில் சூப்பர் மார்க்கெட் இரண்டு பேருக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டார்கள். அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

எல்லை தாண்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். களியக்காவிளையில் சரக்கு கொடுத்தால் அடுத்த கேள்வி பாறசாலைதான்; கிட்டத்தட்ட ஒரே பஜார். ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. மேற்குப் பக்கம் ஏஜென்சி பேசுகிறவர்கள், 'களியக்காவிளை வரை, எல்லைக்கு அந்தப்புறம் தனிப் பேச்சு' என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

இரண்டு ஏஜென்சி வந்துவிட்டால் அடுத்த தலைவலி ரேட் உடைப்பது. ஒரு பக்கத்து ஏஜென்சிக்கு ஆஃபர் கொடுத்தால் அந்தச் சரக்கு கோட்டாறு ஹோல்சேல் கடை வழியாகப் போய்த் திங்கள்சந்தையில் 46 ரூபாய்க்கு இறங்கும். அவளிடம் 48-க்கு வாங்கும் கடைக்காரர் சட்டென்று நிறுத்திவிடுவார். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு வறுப்பு ஒரே ஏஜென்சிக்கு முழுதாகப் போவதால், பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணைப் பார்த்தாலே யாருடைய சரக்கு என்று தெரிந்துவிடும். ஹோல்சேல் கடைக்கு ஒரு பில்லில் 24 பாக்கெட்டுக்கு மேல் போடக்கூடாது என்றும் கடிதத்தில் சேர்த்தார்கள்.

கடன், ஆஃபர், ரிட்டர்ன்

ஆறு ரூபாயில் பிடிவாதமாக நின்றுவிட்டு இந்த மூன்றிலும் கைவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. முப்பது நாள் கடன் என்றால் 900 பாக்கெட்டுக்கு 37,800 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். அவள் ஒரு மாதத்துக்கு வாங்கும் மிளகாய், மல்லி எல்லாம் சேர்த்தே 31,500 ரூபாய்தான். ஒரு மாதத்து மொத்தச் சரக்குக் காசைவிடக் கூடுதலாக அவருக்குக் கடன் கொடுத்துவிட்டு அடுத்த வறுப்புக்கு நகையை வைக்க வேண்டியிருக்கும். முதல் 300 பாக்கெட்டுக்கு ரெடி கேஷ், அப்புறம் பில்லுக்குப் பில் என்று முடிந்தது. புதுச் சரக்கு இறங்கும்போது பழைய பில்லைக் கொடுத்துவிட வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை சரக்கு போவதால் கடன் தானாகவே பத்து நாளில் நிற்கும்.

உத்யம் பதிவு எடுத்த குறு, சிறு உற்பத்தியாளருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் கெடு எதுவும் இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. பத்து நாள் பில்லுக்காக யாரும் இதைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை, போனால் அந்த ஏஜென்சியோடு உறவு முடிந்தது. ஆனால் 60 நாள் கடன் கேட்கும் இடத்தில் மரியாதையாக இதைச் சொல்லலாம். பேச்சு 45-க்குள் வந்துவிடும்.

ஆஃபரில் கவனம் வேண்டும். பத்துக்கு ஒன்று இலவசம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். பத்து பாக்கெட்டில் அவளுக்கு நிற்பது 90 ரூபாய். இலவசப் பாக்கெட்டின் அடக்கம் 31. மிச்சம் 59. லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அந்த இலவசம் கடைக்குப் போய்ச் சேர்ந்தால்கூடப் பரவாயில்லை. பாதி இடங்களில் அது குடோனிலேயே நின்று ஏஜென்சியின் கூடுதல் மார்ஜின் ஆகிவிடும். கண்டுபிடிப்பது எளிது. ஆஃபர் மாதத்தில் அவர் ஏரியாவில் ஐந்து கடைக்குச் சும்மா போய், "அண்ணாச்சி, இந்த மாசம் பத்துக்கு ஒண்ணு வந்துதா?" என்று கேட்டால் போதும். எங்கள் கடிதத்தில் ஆஃபர் என்பது மாதா மாதம் தானாக வருவது அல்ல. புதுக் கடைக்கு முதல் பில்லில் மட்டும், கடையின் பெயர் போட்ட பில் நகல் காட்டினால் அடுத்த சரக்கில் சேர்த்துக் கொடுக்கப்படும்.

ரிட்டர்னில்தான் பெரிய சண்டைகள் வரும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் ஒரு தடவை, அக்டோபர், நவம்பரில் மறு தடவை கடைகளில் பொடி கட்டி தட்டும். கட்டி தட்டிய பாக்கெட் திரும்பி வந்தால் தப்பு பொடியிலா, சீலிலா, கடையிலா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பாக்கெட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்தினால், சீல் சரியாக இருந்தால் காற்று உள்ளேயே நின்று பை விறைக்கும். ஓரத்தில் மெல்லப் பொடி தூவினால் சீல் போயிருக்கிறது. சீல் தப்பு என்றால் அதே பேட்சில் பல கடையிலிருந்தும் வரும், அது அவள் பொறுப்பு. ஒரே கடையிலிருந்து மட்டும் வந்தால் அந்தக் கடையில் சுவரோரம் ஈரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதற்காகவே அவள் ஒவ்வொரு வறுப்பிலும் ஐந்து பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைக்கிறாள். புகார் வந்தால் அதே பேட்சைத் திறந்து இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

தேதி முடிந்த சரக்குக்கு வேறு ஏற்பாடு. பாக்கெட்டில் ஆறு மாதம் போட்டிருக்கிறாள். இரண்டு மாதம் மீதி இருக்கும்போதே ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டால் புதுப் பாக்கெட் மாற்றிக் கொடுப்பாள். திரும்பி வந்ததைத் தெரிந்த மெஸ்காரருக்கு உடனே கொடுத்து அடக்கத்தையாவது எடுத்துவிடலாம். தேதி முடிந்தபின் வந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும், அது ஏஜென்சியின் கணக்கு. சீல் தப்பு நீங்கலாக மாற்றிக் கொடுப்பது மாதக் கொள்முதலில் 2 சதவீதத்துக்குள், அதாவது 18 பாக்கெட்டுக்குள். அந்த வரம்பு இருந்தால் அவர் சேல்ஸ்மேன் ஓடாத கடையில் கண்மூடித்தனமாகச் சரக்கைத் திணிக்க மாட்டார்.

குறைந்தபட்சக் கொள்முதலும் எழுத வேண்டும், தனி உரிமைக்கு அதுதான் விலை. இங்கே மீன்குழம்புப் பொடிக்கு மாதக் கணக்கு வைப்பது சரியாக வராது. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடித் தடை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு தடையும் ஒரே மாவட்டத்தில் வருகிறது. சின்னமுட்டத்தில் ஒன்று, முட்டம், குளச்சல் பக்கம் மற்றொன்று. நாட்டுப் படகுகள் கடலுக்குப் போகும் என்றாலும், கரையோரக் கடைகளில் கையில் காசு புரள்வது குறையும். அந்த மாதத்தில் 900 எடுக்கவில்லை என்று உரிமையைப் பறித்தால் அது நியாயமில்லை. கிறிஸ்துமஸ் மாதத்தில் 1,200 எடுத்துவிட்டு அடுத்த இரண்டு மாதம் எதுவும் எடுக்காமல் இருந்தால் அதையும் பொறுக்க முடியாது. அதனால் காலாண்டுக்கு 2,400 பாக்கெட், ஏப்ரல் முதல் ஜூலை வரை விழும் காலாண்டுகளில் 1,800 என்று வைத்தார்கள்.

பிரிய வேண்டி வந்தால் என்ன என்பதற்கும் ஒரு பத்தி எழுதிக்கொண்டார்கள். யார் வேண்டுமானாலும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் தேதி மீதி இருக்கும் நல்ல பாக்கெட்டை அவள் பில் விலைக்கே திரும்ப எடுப்பாள். அவர் கடைசி பில்லையும் கடைகளில் நிற்கும் பாக்கியின் பட்டியலையும் 15 நாளில் கொடுக்க வேண்டும். கடைப் பட்டியல் அவளிடமும் இருக்கும். பிரியும் நாளில் பட்டியல் ஏஜென்சிக்காரரின் சேல்ஸ்மேன் தலைக்குள் மட்டும் இருந்தால், ஒரு வருட உழைப்பு அவரோடு போய்விடும்.

90 நாள் சமீபத்தில் முடிந்தது. 75 கடையில் 61-க்கு இரண்டு தடவைக்கு மேல் பில் போட்டிருந்தார். விடுபட்ட பதினாலில் பதினொன்று ஆரல்வாய்மொழி லைன். வண்டி அந்தப் பக்கம் மாதம் ஒரு தடவைதான் போயிருக்கிறது. கடிதப்படி அந்த லைன் திறந்துவிட்டது. அவரே வந்து, "அது எனக்கு ஓடல தங்கச்சி, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். தோவாளையில் பூ வண்டி ஓட்டும் ஒருவர் திரும்பி வரும்போது காலியாகத்தான் வருகிறார். அவருக்கு ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை ரூபாய் என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறாள்.